எஃப்டி 5.4% தந்தது, கையில் மிஞ்சியது எவ்வளவு? பணவீக்கம் போக உண்மை வருமானம் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

2020 மே மாதக் கடைசியில் ஸ்டேட் வங்கி ஐந்தாண்டு வைப்புக்கான வட்டியை 5.4 சதவீதமாகக் குறைத்தது. அடுத்த மாதம், அதாவது 2020 ஜூனில், ஒருவர் ஒரு லட்சம் ரூபாயை அந்த வட்டிக்குப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேரும் வகை. 2025 ஜூனில் முதிர்வுத் தொகை 1,30,760 ரூபாய். "முப்பதாயிரம் லாபம்" என்றுதான் யாரும் சொல்வார்கள். பாஸ்புக்கும் அதையேதான் சொல்லும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே ஒரு வைப்பைப் பற்றியது. அந்த 30,760 ரூபாயில் எவ்வளவு நிஜமான லாபம், எவ்வளவு வெறும் விலையேற்றத்துக்கான ஈடு என்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். இதைப் போட்டுப் பார்த்துவிட்டால் உங்கள் எஃப்டி, அஞ்சலக வைப்பு, பிபிஎஃப் எதற்கும் அதே வழிதான்.

முதலில் இரண்டு சொற்கள்

பாஸ்புக்கில் தெரியும் வளர்ச்சி பெயரளவு வருமானம். அந்தப் பணத்தால் வாங்க முடிகிற பொருள் எவ்வளவு கூடியது என்பது உண்மை வருமானம். ரூபாய் நோட்டில் அச்சடித்த எண் மாறுவதில்லை, அதைக் கொடுத்தால் கிடைப்பது மாறுகிறது. ஆகவே பணவீக்கத்தை 'பொருள் விலை ஏறியது' என்று பார்ப்பதைவிட 'ரூபாயின் வாங்கும் திறன் இறங்கியது' என்று பார்ப்பது இந்தக் கணக்குக்கு வசதி. சேமிப்பாளரின் கையில் இருப்பது பொருள் அல்லவே, ரூபாய்தானே.

ஒரு சின்ன எச்சரிக்கை: 5% பணவீக்கம் என்றால் ரூபாயின் மதிப்பு சரியாக 5% இறங்குவதில்லை. 100 ரூபாய்ப் பொருள் 105 ஆனால், உங்கள் 100 ரூபாய்க்கு இப்போது அந்தப் பொருளில் 100/105, அதாவது 95.24% தான் கிடைக்கும். சின்ன எண்களில் வித்தியாசம் தெரியாது. பெரிய எண்களில் கணக்கே கவிழ்ந்துவிடும், அதைப் பிறகு பார்ப்போம்.

படி 1: சரியான குறியீட்டெண்ணை எடுப்பது

இந்தியாவில் பல விலைக் குறியீடுகள் வருகின்றன. மொத்த விலைக் குறியீடு நமக்கு வேண்டாம். அது ஆலை, மண்டி அளவிலான விலை. அதில் வீட்டு வாடகை, மருத்துவர் கட்டணம் போன்ற சேவைகள் கிடையாது. தொழிலாளர்களுக்கான குறியீடு தனியாக ஒன்று உண்டு, அகவிலைப்படிக்குப் பயன்படுவது அதுதான். நாம் எடுக்க வேண்டியது நுகர்வோர் விலைக் குறியீட்டெண். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் மாதந்தோறும், வழக்கமாக 12ஆம் தேதி, வெளியிடுகிறது. கிராமம், நகரம், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று இருக்கும்; அட்டவணையில் `CPI (Combined)`, அதில் `General Index` என்ற வரியைப் பாருங்கள்.

பலர் செய்வது, செய்தியில் வரும் பணவீக்க சதவீதத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது. அது வேண்டாம். சதவீதம் என்பது ஓராண்டுக்கு முந்தைய அதே மாதத்தோடு ஒப்பீடு, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது குறியீட்டெண்: தொடக்க மாதத்துக்கு ஒன்று, முடிவு மாதத்துக்கு ஒன்று.

2012-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் (அந்த ஆண்டு = 100) நம் வைப்புக்கான எண்கள் இவை: 2020 ஜூன் 151.8, 2025 ஜூன் 194.2.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, தொடக்கமும் முடிவும் ஒரே மாதமாக இருப்பது நல்லது. தக்காளியும் வெங்காயமும் பருவத்துக்குப் பருவம் ஆடுவதால் பிப்ரவரியையும் ஜூலையையும் ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள். இன்னொன்று, அடிப்படை ஆண்டு அவ்வப்போது மாற்றப்படும். பழைய தொடரின் எண்ணையும் புதிய தொடரின் எண்ணையும் நேராக வகுத்தால் விடை அபத்தமாக வரும். இரண்டையும் பொருத்துவதற்கென்று தரப்படும் இணைப்புக் காரணியால் பெருக்கிய பிறகே வகுக்க வேண்டும். எண்கள் திடீரென்று பாதியாகக் குறைந்தது போல் தெரிந்தால் விலை இறங்கவில்லை, தொடர் மாறியிருக்கிறது.

ஜூன் 2020-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஊரடங்கால் ஏப்ரல், மே மாதங்களில் விலை சேகரிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. அந்த மாதங்களுக்குப் பிறகு மதிப்பிட்டு நிரப்பிய எண்களே தரப்பட்டன. அங்கிருந்து தொடங்குவது அவ்வளவு பத்திரமல்ல.

படி 2: விலை எத்தனை மடங்கு ஆனது?

194.2 ÷ 151.8 = 1.2793. அதாவது 2020 ஜூனில் ஒரு லட்சத்துக்கு வாங்கிய சாமானை 2025 ஜூனில் வாங்க 1,27,932 ரூபாய் வேண்டும். ஆண்டுச் சராசரி 5.05 சதவீதம்.

ஆண்டுவாரியாகப் பார்த்தால், ஜூனுக்கு ஜூன், 6.26, 7.01, 4.87, 5.08, 2.10 என்று வந்திருக்கிறது. இவற்றைக் கூட்டிப் பாருங்கள்: 25.3 தான் வரும். உண்மையில் ஏறியது 27.9 சதவீதம். பணவீக்கமும் கூட்டு வட்டி மாதிரியேதான் ஏறுகிறது, போன வருடம் ஏறிய விலையின் மேல் இந்த வருடம் ஏறும். அதனால்தான் சதவீதங்களைக் கூட்டாமல் குறியீட்டெண்ணை வகுக்கச் சொன்னேன்.

கடைசி ஆண்டின் 2.10-ஐப் பார்த்து "விலை இறங்கிவிட்டதே" என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே ஏறி நின்ற விலை மேலும் 2.10% ஏறியது என்றுதான் பொருள். 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25% வரை வந்தது. அப்போதும் கூட மொத்த விலைமட்டம் முந்தைய அக்டோபரைவிட ஒரு துளி மேலேதான் இருந்தது. பணவீக்கம் குறைந்தால் இழந்த வாங்கும் திறன் திரும்பி வராது; இழக்கும் வேகம் மட்டும் குறையும்.

படி 3: கழிக்காதீர்கள், வகுத்துப் பாருங்கள்

வட்டி 5.4%, பணவீக்கம் 5.05%, மிச்சம் 0.35% என்று மனக்கணக்காகக் கழிப்பது வழக்கம். இந்தியாவின் சாதாரண ஆண்டுகளில் இது பெரிய தப்பில்லை. (காலாண்டுக் கூட்டலால் 5.4% என்பது ஆண்டுக்கு 5.51% ஆகிறது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.) சரியான வழி:

```
உண்மை = (1 + பெயரளவு) / (1 + பணவீக்கம்) - 1
```

நம் வைப்புக்கு 1,30,760 ÷ 1.2793 = சுமார் 1,02,211. ஐந்து ஆண்டில் ஒரு லட்சம், 2020ஆம் ஆண்டு ரூபாயில் சொன்னால், 1,02,211 ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு 0.44%. முப்பதாயிரம் என்று தெரிந்த லாபம் பழைய ரூபாயில் இரண்டாயிரத்து சொச்சம்.

கழித்தல் எங்கே கவிழும் என்று பார்க்க இலங்கைக்குப் போக வேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு ஓராண்டு முன்பு ஒருவர் ஒரு லட்சம் இலங்கை ரூபாயை 6 சதவீதத்துக்கு வைப்பில் போட்டிருந்தார் என்று கொள்வோம். கழித்தால் −63.8% வரும், பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனது போல. வகுத்தால் 1.06 ÷ 1.698 = 0.624, அதாவது −37.6%. 1,06,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தவர், ஓராண்டு முன்பு ஏறத்தாழ 62,400 ரூபாய்க்குக் கிடைத்த சாமானை வாங்கலாம். அதுவும் பெரிய அடிதான். ஆனால் 36 ஆயிரத்துக்கும் 62 ஆயிரத்துக்கும் உள்ள தூரம் சின்னதல்ல. பணவீக்கத்துக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி நூறு சதவீதத்தைத் தாண்டினால் கழித்தல் முறை, கையில் இருந்ததைவிட அதிகமாக இழந்துவிட்டீர்கள் என்று கூடச் சொல்லும்.

படி 4: வரி. ஆட்டமே இங்கேதான் மாறுகிறது

இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் கவனிக்காத இடம் இது. எஃப்டி வட்டி உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்கின்படி வரிக்கு உள்ளாகிறது. வரி போடுவது எதன் மேல்? முழு 30,760 ரூபாயின் மேல். அதில் பெரும்பகுதி விலையேற்றத்துக்கான ஈடு என்பது வரிச் சட்டத்துக்குக் கணக்கே இல்லை.

20% அடுக்கில் இருப்பவருக்கு 4% செஸ் சேர்த்து 20.8%. வரி 6,398 ரூபாய். மிச்சம் 1,24,362. இதை 1.2793-ஆல் வகுத்தால் 97,210.

ஒரு லட்சம் போட்டவர் ஐந்து ஆண்டு தொடாமல் வைத்திருந்து, பழைய ரூபாயில் 2,790 குறைவாக வெளியே வருகிறார். 30% அடுக்கில் இருப்பவருக்கு (செஸ்ஸோடு 31.2%) கையில் நிற்பது 1,21,163, பழைய ரூபாயில் 94,709.

இதையே 2025ஆம் ஆண்டு ரூபாயில் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். சாமான் வாங்கும் திறனை அப்படியே காப்பாற்றவே 1,27,932 வேண்டும். வைப்பு தந்தது 1,30,760. ஆக உண்மையான லாபம் 2,828 ரூபாய். அதற்கு வரி 6,398. லாபத்தைவிட வரி இரண்டு மடங்குக்கு மேல்.

உண்மையில் வரியை ஐந்தாம் ஆண்டின் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதில்லை. வட்டி சேரச் சேர ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் காட்டிக் கட்டுவதுதான் வழக்கமான முறை. அப்படி முன்கூட்டியே போகும் பணம் வேறெங்கும் வட்டி ஈட்டாது என்பதால் நிஜமான நிலை நான் காட்டியதைவிடக் கொஞ்சம் மோசம்தான். டிடிஎஸ் 10% பிடித்துவிட்டார்கள், அதோடு வரி முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. அது முன்பணம் மட்டுமே. இறுதி வரி உங்கள் அடுக்கைப் பொறுத்தது.

மறுபக்கமும் உண்டு. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் அடங்கிவிடுபவர்களுக்கு இந்தப் படியே கிடையாது, அவர்களுக்கு 1,02,211 தான் விடை. பழைய வரி முறையில் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு வைப்பு வட்டியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பிபிஎஃப் வட்டிக்கு வரியே இல்லை, 7.1% என்றால் 7.1% தான், 2020 ஏப்ரல் முதல் அதே வட்டி. எனவே ஒரே வைப்பு ஒரே வங்கியில், அப்பாவுக்கு லாபமாகவும் சம்பளம் வாங்கும் மகளுக்கு நஷ்டமாகவும் இருக்க முடியும்.

வைப்பு போடும் முன்பே குறைந்தபட்சம் எவ்வளவு வட்டி வேண்டும் என்று பார்க்க, எதிர்பார்க்கும் பணவீக்கத்தை (1 − வரி) என்பதால் வகுக்கவும். 5% பணவீக்கத்துக்கு 20.8% வரிக்காரருக்கு 6.31%, 31.2% வரிக்காரருக்கு 7.27%. இதற்குக் கீழே கிடைக்கும் வட்டியில் வாங்கும் திறன் தேய்கிறது.

எக்ஸெல்லில் போட்டுக்கொள்ள: B1 போட்ட தொகை, B2 முதிர்வுத் தொகை, B3 மொத்த வரி, B4 தொடக்கக் குறியீட்டெண், B5 முடிவுக் குறியீட்டெண், B6 ஆண்டுகள்.

```
=(B2-B3)/(B5/B4)
=((B2-B3)/B1/(B5/B4))^(1/B6)-1
```

முதலாவது பழைய ரூபாயில் கையிருப்பு, இரண்டாவது ஆண்டுக்கு உண்மை வருமானம். 20.8% வரிக்காரருக்கு இரண்டாவதில் −0.56% என்று வர வேண்டும்; வராவிட்டால் அடைப்புக்குறிகளைச் சரிபாருங்கள்.

படி 5: அரசாங்கத்தின் கூடை, உங்கள் கூடை

1.2793 என்பது நாடு முழுமைக்குமான சராசரி. 2012 தொடரில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் 45.86% எடை, அந்த எடைகள் 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. உங்கள் செலவில் பாதி சாப்பாட்டுக்குப் போகவில்லை என்றால், உங்கள் பணவீக்கம் வேறு.

எவ்வளவு வேறு என்று காட்ட, சென்னையின் இரண்டு பொருட்கள் போதும். மானியமில்லாத 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் 2020 ஜூனில் 606.50 ரூபாய், 2025 ஜூனில் 868.50. ஒரு லட்சத்தில் அன்று 164 சிலிண்டர் வாங்கலாம். வரி போக வந்த 1,24,362 ரூபாயில் 143 தான். அதே ஐந்து ஆண்டில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், அட்டையில்லாமல் வாங்குவோருக்கு, லிட்டர் 51 ரூபாயிலிருந்து 60 ஆனது. அன்று 1,960 லிட்டர், 2025 ஜூனில் 2,072 லிட்டர். நீல பாக்கெட்டோ 43-லிருந்து 40-க்கு இறங்கியிருந்தது. சிலிண்டரை வைத்துப் பார்த்தால் நல்ல நஷ்டம், பாலை வைத்துப் பார்த்தால் லாபம். பாலிலும் எந்த நிறம் என்று கேட்க வேண்டியிருக்கிறது! எந்த ஒரு பொருளையும் காட்டி "பணவீக்கம் இவ்வளவு" என்று வாதாடுபவரை நம்பாமல் இருக்க இதுவே போதும்.

வீட்டுக் கணக்கு நோட்டோ, பழைய வங்கி அறிக்கையோ இருந்தால் உங்கள் சொந்தக் குறியீட்டெண்ணைப் போடலாம். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, மளிகை, கேஸ், மின்சாரம், பெட்ரோல் என்று ஏழெட்டுத் தலைப்பு போதும். பழைய மாதத்தில் வாங்கிய அளவை அப்படியே வைத்துக்கொண்டு, அதே அளவுக்கு இன்றைய விலை என்ன என்று எழுதுங்கள். இரண்டு மொத்தங்களையும் வகுத்தால் உங்கள் மடங்கு கிடைக்கும். 1.2793 இருந்த இடத்தில் அதைப் போட்டு மறுபடி பாருங்கள்.

அளவை மாற்றாமல் வைப்பதுதான் இதில் சூட்சுமம். மொத்தச் செலவை மட்டும் ஒப்பிட்டால் இரண்டு விதமாக ஏமாறலாம். நல்லெண்ணெய் விலை ஏறியதால் பாமாயிலுக்கு மாறியிருந்தால், பில் ஏறாதது போல் தெரியும்; வாழ்க்கைத் தரம் இறங்கியது பில்லில் பதியாது. பிள்ளைக்குப் புதிதாக டியூஷன் சேர்த்திருந்தால் பில் ஏறும், அது பணவீக்கமே அல்ல. அப்புறம் பாக்கெட்டின் எடையையும் பாருங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் இன்றும் பத்து ரூபாய்தான், உள்ளே இருப்பது அதே கிராம் அல்ல. விலையை எப்போதும் கிலோவுக்கு, லிட்டருக்கு என்று மாற்றி எழுதுங்கள்.

படி 6: வட்டியைச் செலவழித்து வாழ்பவர்களுக்கு

இதுவரை பார்த்தது வட்டியைத் தொடாமல் சேர விடுபவரின் கணக்கு. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டு வட்டியில் வீடு நடத்துபவர் நிலைமை வேறு, அங்கேதான் இந்த இடைவெளி கடித்துப் பிடிக்கும்.

10 லட்சம், 7% வட்டி, ஆண்டுக்கு 70,000. பணவீக்கம் 5% என்று வைப்போம். அடுத்த ஆண்டும் அதே வாங்கும் திறன் முதலுக்கு இருக்க வேண்டுமானால் அது 10,50,000 ஆக வேண்டும். ஆகவே வந்த 70,000 ரூபாயில் 50,000 முதலைச் சேர வேண்டிய பணம். செலவழிக்க உரிமையுள்ளது 20,000 மட்டும். வரி 20.8% என்றால் 14,560 போய், அந்த 20,000 ரூபாயிலும் 5,440 தான் நிற்கும். முழு 70,000-யும் செலவழிப்பவர், தெரியாமலேயே முதலைத் தின்றுகொண்டிருக்கிறார். பத்து லட்சம் என்ற எண் அசையாமல் இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் 8.2% தருகிறார்கள், வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடும். 10 லட்சத்துக்கு 82,000. அதே 5% கணக்கில், வரி இல்லாதவர் 32,000 வரை பயமில்லாமல் செலவழிக்கலாம். மீதியையும் சேர்த்துச் செலவழிப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. எழுபது வயதில் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது நியாயமான முடிவுதான். கரைக்கிறோம் என்று தெரிந்து, எத்தனை ஆண்டு வரும் என்று பார்த்துக் கரைக்க வேண்டும்.

எந்தப் பணவீக்கத்தை எதிர்பார்ப்பது?

முடிந்த வைப்புக்குக் குறியீட்டெண் இருக்கிறது. இனி போடப்போகும் வைப்புக்கு ஊகம்தான். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4%, மேலும் கீழும் 2% வரை இடம் உண்டு. சட்டப்படி குறித்த அந்த 4-ஐ அப்படியே போடுவதைவிட 5 போட்டுக் கணக்கிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. மேலே பார்த்த ஐந்தாண்டில் கிடைத்ததும் அதுதான். பிறகு 4-க்கும் 6-க்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 6-இல் நஷ்டம், 4-இல் லாபம் என்று வந்தால் அந்த வைப்பு உங்கள் வரி அடுக்குக்கு எல்லைக் கோட்டில் நிற்கிறது.

அப்படி எல்லைக் கோட்டில் நின்றாலும், ஆறு மாதத்தில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தையும் அவசர மருத்துவச் செலவுக்கான பணத்தையும் எஃப்டியிலேயே வைப்பதில் தவறில்லை. குறுகிய காலத்தில் தேய்மானம் சில நூறு ரூபாய்தான். கேட்ட நாளில் கிடைப்பதற்கான கூலி என்று அதை எழுதிக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு மட்டும் இந்தக் கணக்கை ஆண்டுக்கொருமுறை, அதே மாதக் குறியீட்டெண் வந்ததும், புதிதாகப் போடுங்கள்.